தாதியின் பட்டியலில் எந்தத் தேதியை எழுதுவது?

சுங்கை வே தொழிற்பேட்டையில் வேலை செய்தவர் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு. 1970களில் இங்கே மின்னியல் தொழிற்சாலைகள் வந்தபோது, தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்து லைனில் உட்கார்ந்த அக்காமார்களின் பிள்ளைகள் பலர் இன்று அதே வட்டாரத்தில் எச்.ஆர். அலுவலகத்திலும் கிளினிக்கிலும் இருக்கிறார்கள். அந்தக் கிளினிக் 'மிஸ்ஸி' என்றால் தலைவலிக்குப் பெனடோல் கொடுப்பவர், விரலில் கீறல் பட்டால் பிளாஸ்டர் ஒட்டுபவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அவருடைய உண்மையான தலைவலி இரும்பு அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கோப்பு. அதற்குள் காது பரிசோதனை அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவு, 'வேலைக்குத் தகுதி' சான்றிதழ், அரசாங்க மருத்துவமனை கொடுத்த கடிதம் எல்லாம் கலந்து கிடக்கும். யாருடைய சான்றிதழ் எப்போது முடிகிறது, யார் எதைத் தூக்கக் கூடாது என்பதைக் கோப்பைத் திறந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதையெல்லாம் ஒரே எக்செல் பட்டியலுக்கு மாற்றுவது எளிய வேலைபோலத் தோன்றும். பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தால் முடிந்துவிடாதா? முடியாது. சான்றிதழில் நாம் தேடுகிற 'காலாவதித் தேதி' பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. அதை நாம்தான் கணக்கிட வேண்டும். எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுகிறோம் என்பதில்தான் பாதி தவறுகள் நடக்கின்றன.

ஒரு கோப்பை எடுத்துப் பார்ப்போம். ஆள் கற்பனை. ஆனால் உள்ளே இருக்கும் தாள்கள் எந்தத் தொழிற்சாலையிலும் பார்க்கக் கூடியவை. தொழிலாளி எண் 2417. வயது நாற்பதைத் தாண்டிய ஒரு அக்கா. பல வருடம் ஈயம் கலந்த சோல்டர் வைக்கும் லைனில் இருந்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் பிரஸ் மெஷின் பகுதிக்கும் போகிறார். கோப்பில் மூன்று தாள்கள்.

முதல் தாள் காது பரிசோதனை. பரிசோதனை நடந்த நாள் 11.3.2025. மருத்துவர் கையெழுத்திட்ட நாள் 8.4.2025. கீழே கையெழுத்தில் 'எஸ்.டி.எஸ்., வலது காது, 3 மாதத்தில் மறுபரிசோதனை, காது கவசம் கட்டாயம்' என்று குறிப்பு. எஸ்.டி.எஸ். என்றால், முதன்முதலில் எடுத்த அடிப்படைப் பரிசோதனையோடு ஒப்பிடும்போது 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் கேட்கும் திறன் சராசரியாக 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பேச்சு இன்னும் நன்றாகவே கேட்கும். அதனால் அந்த அக்காவுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இதைப் பட்டியலில் ஏற்றுகிறவர் தாளின் அடியில் முத்திரைக்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் 8.4.2025 என்ற தேதியை எழுதிவிடுவார். அது மருத்துவர் மேசையில் தாள் இருந்த நாள். காது பரிசோதிக்கப்பட்ட நாள் அதற்கு 28 நாள் முந்தியது. கையெழுத்துத் தேதியிலிருந்து எண்ணினால் மறுபரிசோதனை 8.7.2025 வரை தள்ளிப் போகும். பரிசோதனைத் தேதியிலிருந்து எண்ணினால் 11.6.2025. நான்கு வாரம் வித்தியாசம், அதுவும் காது இறங்க ஆரம்பித்துவிட்ட ஒருவருக்கு. மலேசியாவின் 2019 ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகளின்படி 8 மணி நேர அளவு 85 டெசிபலைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை காது பரிசோதனை வேண்டும். அந்த ஓர் ஆண்டையும் இப்படியே பரிசோதனை நாளிலிருந்து எண்ணுங்கள். ஒவ்வொரு வருடமும் நான்கு வாரம் நழுவினால் சுமார் பதின்மூன்று வருடங்களில் ஒரு பரிசோதனையே காணாமல் போயிருக்கும். பட்டியலில் ஒரு சிவப்புக் கட்டம்கூட வந்திருக்காது.

இரண்டாவது தாள் ஈயத்துக்கான மருத்துவக் கண்காணிப்பு. இங்கே தேதிகள் மூன்று: இரத்தம் எடுத்த நாள் 22.5.2025, ஆய்வுக்கூட முடிவு 30.5.2025, தொழில்சார் சுகாதார மருத்துவர் 'தகுதி' என்று சான்றளித்த நாள் 6.6.2025. ஆபத்தான இரசாயனங்கள் பற்றிய 2000 ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்தக் கண்காணிப்பு 12 மாதத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் நடக்க வேண்டும் என்கின்றன. அடுத்தது 22.5.2026க்குள் என்று எழுதுவதே பாதுகாப்பு. மருத்துவர் அதற்கும் முன்னால் ஒரு தேதி குறித்திருந்தால் அவர் சொன்னதுதான் செல்லும். அவரே இடைவெளியைக் குறைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

இந்தத் தாளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கையெழுத்திட்டவர் ஜே.கே.கே.பி.யில் பதிவு பெற்ற தொழில்சார் சுகாதார மருத்துவரா, அல்லது கம்பெனியின் பேனல் கிளினிக் மருத்துவரா? பேனல் கிளினிக் மருத்துவர் நல்ல மருத்துவராகவே இருக்கலாம். ஆனால் இந்தச் சான்றிதழுக்கு அவர் கையெழுத்து போதாது. அதனால் பட்டியலில் மருத்துவரின் பதிவு எண்ணுக்கு ஒரு பத்தி வைக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் காலியாக விடுங்கள், யூகித்து நிரப்ப வேண்டாம். அந்தக் காலி இடம் ஒரு கேள்வி. அதைத் தாதி போன் போட்டுத் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது தாள்தான் அதிகம் குழப்புவது. மருத்துவமனையில் இடுப்பு வலிக்குக் காட்டிய கடிதம், தேதி 17.6.2025. அதில் மருத்துவர் அவசரமாக எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'லைட் டியூட்டி 6/52, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது'. நம் ஊர் மருத்துவர்கள் காலத்தைப் பின்னமாக எழுதுவார்கள். கீழே 7 இருந்தால் நாள், 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். 2/7 என்றால் இரண்டு நாள், 6/52 என்றால் ஆறு வாரம், 6/12 என்றால் ஆறு மாதம். எக்செல்லில் 6/12 என்று அப்படியே தட்டினால் அது உடனே ஒரு தேதியாக மாறிவிடும், டிசம்பர் 6 அல்லது ஜூன் 12. ஆறு மாதக் கட்டுப்பாடு ஒரே நொடியில் காணாமல் போய்விடும். தட்டியவர் கவனிக்கவும் மாட்டார், ஏனென்றால் கட்டத்தில் ஏதோ ஒரு தேதி அழகாக உட்கார்ந்திருக்கும். இதைத் தவிர்க்க, காலத்தை நாளாகவோ மாதமாகவோ கணக்கிட்டுத் தனிப் பத்தியில் எழுதுங்கள். 6/52 என்பது 42 நாள். 17.6.2025 உடன் 42 நாள் கூட்டினால் 29.7.2025.

அந்த 29ஆம் தேதி என்ன நடக்கும்? பல பட்டியல்களில் கட்டம் பச்சையாக மாறும். சூப்பர்வைசர் 'முடிஞ்சிடுச்சி' என்று பெட்டி தூக்க அனுப்பிவிடுவார். என்னைக் கேட்டால் பட்டியல் செய்யக்கூடாத வேலை இது. தகுதிச் சான்றிதழின் தேதி முடிந்தால் தகுதி முடிகிறது. கட்டுப்பாட்டின் தேதி முடிந்தால் கட்டுப்பாடு முடிந்துவிடுவதில்லை. இடுப்பு சரியாகிவிட்டதா என்று அன்று ஒருவர் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான். எனவே அந்தப் பத்திக்கு 'முடியும் தேதி' என்று பெயர் வைக்காமல் 'மறுபார்வைத் தேதி' என்று வையுங்கள். கட்டுப்பாட்டை நீக்க இன்னொரு பத்தி: எந்தத் தேதி, எந்த மருத்துவரின் எந்தக் கடிதத்தின்படி நீக்கப்பட்டது. அது காலியாக இருக்கும்வரை கட்டுப்பாடு நீடிக்கிறது.

'லைட் டியூட்டி' என்ற சொல்லும் லைனில் வேலைக்கு உதவாது. மலாய்க் கடிதமாக இருந்தால் 'கெர்ஜா ரிங்கான்' என்றிருக்கும், அர்த்தம் அதேதான். சூப்பர்வைசருக்கு லைட் டியூட்டி என்றால் உட்கார்ந்து செய்யும் வேலை. ஆனால் இடுப்பு வலிக்காரருக்கு எட்டு மணி நேரம் அசையாமல் உட்காருவதுதான் கஷ்டம். தாதி மருத்துவரைக் கூப்பிட்டு, எத்தனை கிலோ, எவ்வளவு நேரம் நிற்கலாம், குனியலாமா, இரவு ஷிப்ட் பரவாயில்லையா என்று கேட்டு எழுத வேண்டும். பிறகு லைனுக்குப் போய் அங்கே தூக்கும் பெட்டியைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் எடை தெரியாமல் 5 கிலோ என்று எழுதிவைத்துப் பயனில்லை.

இனி பட்டியலின் அமைப்பு. ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி என்று ஆரம்பித்தால் இந்த அக்காவிடமே மாட்டிக்கொள்வீர்கள். காதுக்கு ஒரு தேதி, ஈயத்துக்கு ஒரு தேதி, இடுப்புக்கு ஒரு கட்டுப்பாடு. ஒரே வரியில் எதை வைப்பது? ஒரு சான்றிதழுக்கு ஒரு வரி என்று ஒரு தாள், ஒரு கட்டுப்பாட்டுக்கு ஒரு வரி என்று இன்னொரு தாள். இரண்டையும் இணைப்பது தொழிலாளி எண். பெயரை நம்ப வேண்டாம். நம்மவர் பெயர்கள் ஒரு தாளில் ஏ/எல் சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமலும், 'லெட்சுமி' ஒரு தாளில் 'லக்ஷ்மி'யாகவும் இருக்கும். ஒரே லைனில் இரண்டு பரமேஸ்வரிகளும் இருப்பார்கள்.

சான்றிதழ் தாளில் A பத்தியில் தொழிலாளி எண், B-யில் பரிசோதனை வகை, C-யில் முடிவு, D-யில் பரிசோதனை நடந்த தேதி, E-யில் இடைவெளி மாதத்தில், F-இல் அடுத்த தேதி. F-ஐயும் அதற்கு அடுத்த நிலைப் பத்தியையும் கையால் எழுதக் கூடாது. அவற்றைச் சூத்திரம் கணக்கிடட்டும்:

```
F2:  =EDATE(D2,E2)
G2:  =IF(D2="","தேதி இல்லை",IF(F2<TODAY(),"கடந்தது",IF(F2-TODAY()<=45,"பதிவு செய்","சரி")))
```

45 நாள் என்பது சட்டம் அல்ல. மருத்துவரிடம் நாள் வாங்க, ஷிப்ட் மாற்ற, காது பரிசோதனைக்கு முன் ஆளை 14 மணி நேரம் இரைச்சலிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டிய ஏற்பாட்டைச் செய்ய ஒரு மாதம் பத்தாது என்பதால் வைத்த கணக்கு. உங்கள் கிளினிக் இன்னும் மெதுவானால் 60 வையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மலாய் மாதப் பெயர்களில் மார்ச், மே, ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் எல்லாம் ஆங்கில எழுத்துமுறையிலிருந்து மாறுபடும். `12 Ogos 2025` என்று தாளில் இருப்பதை அப்படியே தட்டினால், ஆங்கில அமைப்பில் உள்ள எக்செல் அதைத் தேதியாக எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். F பத்தியில் `#VALUE!` வரும். அது நல்ல தவறு, கண்ணுக்குத் தெரிகிறது. கெட்ட தவறு வேறு. அலுவலகக் கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04/2025 என்று தட்டும்போது ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும், சத்தமே இல்லாமல். 14/03/2025 போன்ற தேதிகள் மட்டும் எழுத்தாக நின்று காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் 14 ஆவது மாதம் இல்லை. ஆகவே பாதி வரிகளில் `#VALUE!` வந்தால் அவற்றை மட்டும் திருத்திவிட்டு மீதியைச் சரி என்று நம்பாதீர்கள். பிழை காட்டாத வரிகள்தான், அதாவது மாதத்தின் முதல் 12 நாட்களின் தேதிகள்தான், தவறாக இருக்கும். பத்தியின் வடிவத்தை முதலிலேயே `dd-mmm-yyyy` என்று வைத்தால் மாதம் பெயராகத் தெரியும். தட்டியவுடன் கண் பார்த்துவிடும்.

தட்டச்சு முடிந்ததும் சரிபார்ப்பு. கோப்பு அறை அலமாரியிலிருந்து கைக்கு வந்த இருபது கோப்புகளை எடுத்து, தட்டச்சு செய்யாத வேறொருவர் தாளைப் பார்த்து மூன்று விஷயங்களை மட்டும் தனியாக எழுதட்டும்: பரிசோதனைத் தேதி, முடிவு, கட்டுப்பாடு. அவர் பட்டியலைப் பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று கோப்பில் தேதி மாறினால், அநேகமாக எல்லாம் ஒரே காரணமாகத்தான் இருக்கும். ஒரே கிளினிக்கின் படிவத்தில் தேதி வேறு இடத்தில் அச்சாகியிருக்கும். அந்தக் கிளினிக்கின் தாள்கள் அனைத்தையும் மறுபடி பாருங்கள்.

ஆனால் தவறாக எழுதப்பட்டதை விட எழுதப்படாததே பெரிய ஆபத்து. பட்டியலில் இல்லாத ஆள் சிவப்பாக வரமாட்டார், எந்த நிறத்திலும் வரமாட்டார். எச்.ஆர். பிரிவிடம் பிரஸ் பகுதியிலும் சோல்டர் லைனிலும் இந்த மாதம் சம்பளம் வாங்கியவர்களின் எண்களைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் மூலம் வந்தவர்களையும் சேர்த்துக் கேளுங்கள், அவர்கள்தான் அடிக்கடி விடுபடுகிறவர்கள். அந்த எண்களை ஒரு புதிய தாளில் வைத்து இதைப் போடுங்கள்:

```
=COUNTIF(Tracker!A:A,A2)
```

பூஜ்யம் வந்தவர்கள் பரிசோதிக்கப்படாமல் இரைச்சலிலோ ஈயத்திலோ நிற்கிறவர்கள். அல்லது பரிசோதிக்கப்பட்டும் தாள் காணாமல் போனவர்கள். எது என்று கேட்டறிய வேண்டும். பூஜ்யம் வராதவர்களிலும் வகையைப் பாருங்கள். நம் 2417 அக்காவுக்கு ஈயச் சான்றிதழ் மட்டும் இருந்திருந்தால் எண் பட்டியலில் இருக்கும். ஆனால் பிரஸ் பகுதி இரைச்சலுக்கு அவருக்கு எதுவும் இருந்திருக்காது. சான்றிதழ் எந்த ஆபத்துக்காக எடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான் செல்லும். இடம் மாற்றிய அன்றே எச்.ஆர். தாதிக்குச் சொல்லவில்லை என்றால் பட்டியல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

இதேபோல் தேதி இன்னும் இருக்கும்போதே சான்றிதழ் பொருளிழக்கும் சந்தர்ப்பம் கர்ப்பம். ஈயம் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். 'சரி' என்று பட்டியல் சொன்னாலும், கர்ப்பம் தெரிந்த நாளிலேயே அந்த வரியை நிறுத்திவைத்து மருத்துவரின் ஆலோசனை கேட்க வேண்டும், பாலூட்டும் காலத்திலும் அப்படியே. தொழிலாளி அதை மிஸ்ஸியிடம் பயமில்லாமல் சொல்ல வேண்டும். 'ஓவர்டைம் போயிடும் மிஸ்ஸி, யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று வருகிறவர்கள் உண்டு. லைனில் யாருக்கு என்ன தெரிகிறது என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

2010 ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் உணர்வுபூர்வ தரவு வகையைச் சேர்ந்தது. அதனால் பட்டியலில் நோயின் பெயரே வேண்டாம். இரத்தத்தில் ஈயத்தின் அளவும் வேண்டாம். அவை கோப்பில் இருக்கட்டும், அலமாரி பூட்டியிருக்கட்டும். சூப்பர்வைசருக்குக் கொடுக்கும் தாளில் மூன்றே விஷயம்: தொழிலாளி எண்ணும் பெயரும், என்ன செய்யக் கூடாது, மறுபார்வை எப்போது. '5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, 29 ஜூலையில் மறுபார்வை' என்பது போதும். இடுப்பா, கர்ப்பமா, அறுவை சிகிச்சையா என்பது அவருக்குத் தேவையில்லை. எக்செல்லில் ஒரு பத்தியை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. இரண்டு சொடுக்கில் திரும்பத் தெரியும். சூப்பர்வைசருக்குத் தனிக் கோப்பாகவே கொடுங்கள்.

பழைய வரிகளை அழிக்கவும் கூடாது. புதுச் சான்றிதழ் வந்ததும் பழைய தேதியின் மேலேயே தட்டிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. இரசாயன விதிமுறைகளின்படி மருத்துவக் கண்காணிப்புப் பதிவுகளை 30 வருடம் வைத்திருக்க வேண்டும். காது இரைச்சலால் போவதும் மெதுவாகத்தான். இந்த அக்கா ஐம்பத்தைந்து வயதில் பெர்கெசோவில் தொழில்சார் நோய்க்காக மனு செய்தால், வலது காது எந்த வருடத்தில் இறங்க ஆரம்பித்தது என்று காட்ட 11.3.2025 தேதியிட்ட அந்த வரியும் அதன் தாளும்தான் இருக்கும். கம்பெனி கைமாறியிருக்கலாம், தாதி மாறியிருக்கலாம். புது வரி கீழே சேரட்டும், பழையது அப்படியே நிற்கட்டும்.

2417 கோப்பின் நிலவரம் ஜூன் 20, 2025 அன்று இப்படி இருக்கும்: ஈயம், சரி, 22 மே 2026. காது மறுபரிசோதனை, கடந்தது, ஒன்பது நாள். இடுப்பு, கட்டுப்பாடு நடப்பில், மறுபார்வை 29 ஜூலை. தாதி அன்று செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். காது பரிசோதனைக்கு நாள் வாங்கி, அதற்கு முந்தின மாலையிலிருந்து அந்த அக்காவைப் பிரஸ் பகுதிக்கு அனுப்ப வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கையெழுத்துத் தேதியைப் பட்டியலில் ஏற்றியிருந்தால் அதே வரி 'பதிவு செய்' என்று மட்டும் காட்டியிருக்கும். கெடு கடந்துவிட்டது யாருக்கும் தெரிந்திருக்காது.